தமிழ்ல எழுதின பிசினஸ் மெசேஜ்: மெஷின் மொழிபெயர்ப்பை அனுப்பறதுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது

கேள்வி: "வெளிநாட்டு பையருக்கு மெசேஜ் தமிழ்ல எழுதி, டூல்ல போட்டு இங்கிலீஷ் ஆக்கித்தான் அனுப்பறேன். இங்கிலீஷ் படிச்சா ஓரளவு புரியும், சொந்தமா எழுத வராது. அர்த்தம் மாறிடுச்சா, ரூடா இருக்கான்னு அனுப்பறதுக்கு முன்னாடி எப்படி கண்டுபிடிக்கிறது?"

படிச்சா ஓரளவு புரியும்னு சொல்றீங்கள்ல, செக் பண்றதுக்கு அது போதும். எழுத வர்றது வேற, தப்பைப் பிடிக்கறது வேற.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். இப்ப இருக்கற டூல் எல்லாம் இலக்கணத்துல பெரிசா தப்பு பண்றதில்ல, வாக்கியம் சரளமாத்தான் வரும், அதனாலதான் தப்பு கண்ணுக்குத் தெரியாம போயிடுது. தமிழ்ல நாம நிறைய விஷயத்தைச் சொல்லாமலே விட்டுடுவோம், யார் செய்யணும், எதை அனுப்பணும், முடியுமா முடியாதான்னு பளிச்சுன்னு சொல்ல மாட்டோம், எதிர்ல இருக்கறவர் தமிழ்க்காரர்னா அவரே புரிஞ்சுப்பார். இங்கிலீஷ்ல பெரும்பாலான வாக்கியத்துக்கு யார்ங்கறது வேணும், அதனால டூல் அந்தக் காலி இடத்தை ஊகிச்சு நிரப்பிடும். நிரப்பினேன்னு உங்ககிட்ட சொல்லாது. ஆக நீங்க தேட வேண்டியது அந்த ஊகிச்ச இடங்களைத்தான், ஸ்பெல்லிங்கை இல்ல.

ஒரு மெசேஜை எடுத்து வரி வரியா பாத்துடலாம். சரக்கு அனுப்பற ஒருத்தர் பையருக்கு எழுதறார்னு வச்சுக்கோங்க:

"வணக்கம் சார். போன வாரம் கேட்டிருந்தீங்க, சரக்கு ரெடி ஆயிடுச்சு. மீதி பணம் கொஞ்சம் சீக்கிரம் போட்டு விடுங்க, இல்லைன்னா கப்பல் புக் பண்ண முடியாது. 15க்குள்ள அனுப்பணும். பேக்கிங் செலவு நாம பாத்துக்கலாம். லேபிள் மாத்தறது பத்தி பாக்கலாம்."

தமிழ்ல படிச்சா இதுல ஒரு குறையும் தெரியாது, மரியாதையாவே இருக்கு. இதை டூல்ல போட்டா ஏறக்குறைய இப்படி ஒண்ணு வரலாம்:

```
Hello sir. You heard last week, the goods are ready.
Put a little of the balance money soon, otherwise
we cannot book the ship. You must send within 15.
We can take care of the packing cost.
We will look into changing the label.
```

முதல் வரி. கேக்கறதுங்கற சொல்லுக்கு தமிழ்ல ரெண்டு வேலை, காதால கேக்கறதும் அதுதான், கேள்வி கேக்கறதும் அதுதான். டூல் காதால கேட்டதுன்னு எடுத்துக்கிச்சு. படிக்கறவர் நான் எங்க கேட்டேன், யார் சொன்னாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிப்பார், ஆனா இதனால பெரிய நஷ்டம் இல்ல, இந்த மாதிரி தப்பு படிச்ச உடனே கண்ணுல பட்டுடும்.

நிஜமான ஆபத்து ரெண்டாவது வரியில. "கொஞ்சம் சீக்கிரம்"னு நீங்க எழுதின "கொஞ்சம்" வெறும் பணிவுக்காகப் போட்டது, அதுக்கு அளவுன்னு ஒரு அர்த்தமே அங்க கிடையாது. ஆனா அது நகர்ந்து போய் பணத்தோட ஒட்டிக்கிச்சு. இப்ப அந்த வரி சொல்றது என்னன்னா, மீதி பணத்துல கொஞ்சம் அனுப்பினா போதும். பையர் ஒரு பகுதியை மட்டும் போட்டுட்டு, நீங்கதானே இப்படிக் கேட்டீங்கன்னு சொன்னா அவர் மேல தப்பே இல்ல. எழுத்துல இருக்கறது அதுதான். பணத்தைப் பத்தின வாக்கியத்துல "கொஞ்சம்", "ஒரு", "அப்படியே", "சும்மா" மாதிரி பணிவுக்கும் பேச்சு ஓட்டத்துக்கும் போடற சொல் எதுவும் இருக்கவே கூடாதுன்னு நான் கண்டிப்பா சொல்வேன். பணிவை இங்கிலீஷ்ல வேற விதமா காட்டிக்கலாம்.

அதே வரியில "இல்லைன்னா புக் பண்ண முடியாது". நம்ம காதுக்கு இது ஒரு நிலவரம், நம்ம கையில இல்லாத விஷயம்னு சொல்ற தொனி. இங்கிலீஷ்ல அதர்வைஸ், கேனாட் ரெண்டும் பணம் பத்தின வரியிலயே வந்து நின்னா மிரட்டல் மாதிரி விழும், பணம் போடு இல்லைன்னா சரக்கு கிடையாதுங்கற மாதிரி. இங்க தப்பு மொழிபெயர்ப்புல இல்ல, அர்த்தம் அப்படியே சரியாத்தான் வந்திருக்கு, டோன் மட்டும் மாறிடுச்சு. இதுக்கு வழி வாக்கியத்தைத் திருப்பிப் போடறது. என்ன நடக்காதுன்னு சொல்றதை விட்டுட்டு என்ன நடக்கும்னு சொல்லுங்க: பணம் வந்த உடனே புக் பண்ணிடுவோம். விஷயம் அதேதான், ஆனா படிக்கறவருக்கு அது ஒரு உறுதிமொழியா தெரியும்.

மூணாவது வரி, "15க்குள்ள அனுப்பணும்". ரெண்டே சொல், மூணு ஓட்டை. யார் அனுப்பணும்னு இல்ல, எதை அனுப்பணும்னு இல்ல, 15ங்கறது தேதியா நாள் கணக்கான்னு இல்ல. எழுதினவர் மனசுல இருந்தது, நாங்க 15ஆம் தேதிக்குள்ள சரக்கை அனுப்பியாகணும், அதான் அவசரப்படுத்தறோம்ங்கறது. டூல் என்ன பண்ணிச்சு பாருங்க, பையரைப் பாத்து நீ அனுப்பியே ஆகணும்னு சொல்லிடுச்சு. "-ணும்"னு முடியற எந்த வரியா இருந்தாலும் மொழிபெயர்ப்புல ரெண்டு தடவை பாருங்க. தமிழ்ல "-ணும்" தேவையையும் சொல்லும், ஆசையையும் சொல்லும், கட்டாயத்தையும் சொல்லும், இங்கிலீஷ்ல அது மஸ்ட்னு வந்துட்டா கட்டாயம் மட்டும்தான் மிஞ்சும். யூ, மஸ்ட் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா அந்த மெசேஜை அப்படியே அனுப்பாதீங்க, கஸ்டமரைப் பாத்து அப்படிப் பேசறவங்க ரொம்பக் குறைவு.

நாலாவது, "நாம பாத்துக்கலாம்". எனக்கு ரொம்ப முக்கியமா படறது இந்த வரிதான். நாம, நாங்கன்னு நம்மகிட்ட ரெண்டு இருக்கு, எதிர்ல இருக்கறவரையும் சேத்தா நாம, சேக்காட்டி நாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் வீ ஒண்ணுதான். செலவு யாருதுங்கற கேள்விக்கு பதில் இருந்ததே அந்த "நாம"வுலதான், மொழிபெயர்ப்புல அது காணாம போச்சு. கொடுமை என்னன்னா தமிழ்லயே "நாம பாத்துக்கலாம்"ங்கறது ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்ங்கறதா, பெருந்தன்மையா நாங்களே ஏத்துக்கறோம்ங்கறதா, அப்புறம் பேசிக்கலாம்ங்கறதா, எதுவா வேணா இருக்கலாம். செலவு, நஷ்டம், வேலை, பொறுப்பு பத்தி பேசற எந்த வரியிலயும் நாம, நாங்க ரெண்டையும் எடுத்துட்டு "எங்க கம்பெனி", "உங்க கம்பெனி", "ரெண்டு பேரும் பாதிப் பாதி"ன்னு எழுதிடுங்க. அப்ப டூலுக்கு ஊகிக்கவே இடம் இருக்காது.

கடைசி வரி "பாக்கலாம்". நம்மகிட்ட இது பல நேரம் "முடியாது"ங்கறதை மென்மையா சொல்ற விதம். மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்ல மனசில்லாம பாக்கலாம்ங்கறோம், கேக்கறவருக்கும் அது புரியும். மொழிபெயர்ப்புல அது நாங்க பரிசீலிக்கறோம்னு ஆயிடுச்சு. பையர் உங்க பதிலுக்குக் காத்திருப்பார், ரெண்டு வாரம் கழிச்சு லேபிள் என்னாச்சுன்னு கேப்பார், நீங்க முடியாதுன்னா வாக்கு மாறினவர்னு நினைப்பார். இதே மாதிரி "சரிங்க"வும். அவர் விலையைக் குறைக்கச் சொல்லி எழுதியிருப்பார், நீங்க "சரிங்க, பாக்கறேன்"னு ஆரம்பிப்பீங்க, உங்க மனசுல சரிங்கன்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம், இங்கிலீஷ்ல ஓகேன்னு வந்தா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். முடியும், முடியாது, இந்தத் தேதியில சொல்றேன், இந்த மூணுல ஒண்ணை மட்டும் எழுதுங்க.

இப்ப பாருங்க, மேல சொன்னதுல பாதிக்கு மேல டூலோட தப்பே இல்ல, மூலத்துலயே இருந்த இடைவெளி. அதனால முதல் செக்கிங் மொழிபெயர்ப்புக்கு முன்னாடியே நடக்கணும். உங்க தமிழை பேச்சு வழக்குல இருந்து எழுத்து வழக்குக்குக் கொண்டு வாங்க, "ஆயிடுச்சு"ன்னா "ஆகிவிட்டது", "பண்ணிடலாம்னு இருக்கோம்"னா "செய்யத் திட்டமிட்டுள்ளோம்". டூல் பழகின தமிழ்ல பெரும்பங்கு எழுத்துத் தமிழ்தான், பேச்சு வடிவம், அதுலயும் இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச தமிழ்னா தடுமாறும். ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம், அதுல யார், எதை, எப்ப மூணும் இருக்கணும். மேல பாத்த மெசேஜை இப்படி மாத்தலாம்:

"நீங்கள் போன வாரம் விசாரித்த சரக்கு தயாராகிவிட்டது. மீதித் தொகை முழுவதையும் ஜூன் 10ஆம் தேதிக்குள் உங்கள் நிறுவனம் அனுப்ப முடியுமா? தொகை கிடைத்தவுடன் எங்கள் நிறுவனம் கப்பலில் இடம் பதிவு செய்யும். சரக்கை ஜூன் 15ஆம் தேதிக்குள் அனுப்ப விரும்புகிறோம். பேக்கிங் செலவு முழுவதையும் எங்கள் நிறுவனம் ஏற்கும். இந்த ஆர்டரில் லேபிளை மாற்ற எங்களால் இயலாது."

இதைப் போட்டு, வர்றதை லேசா சரி பண்ணினா கையில கிடைக்கறது இது:

```
The goods you enquired about last week are ready.
Could you please send the full balance by 10 June?
Once we receive it, we will book the shipment.
We would like to ship the goods by 15 June.
Our company will bear the full packing cost.
Unfortunately, we cannot change the label on this order.
```

இதுல பணிவுக்காக ரெண்டு இடத்துல மட்டும் கை வச்சிருக்கேன், ப்ளீஸ் சேத்தது ஒண்ணு, முடியாதுங்கற வரிக்கு முன்னாடி அன்ஃபார்ச்சுனேட்லி போட்டது ஒண்ணு. பணிவுன்னா எல்லா வரியிலயும் கைண்ட்லி, ரெஸ்பெக்டட் சார்னு நிரப்பறது இல்ல, கேக்கற வரியில ஒரு தடவை, மறுக்கற வரியில ஒரு தடவை இருந்தா போதும். இன்னொண்ணு, பையர் ஆணா பெண்ணான்னு தெரியாம சார் போடாதீங்க, அவர் தன் மெயில்ல கடைசியா எப்படி கையெழுத்துப் போடறாரோ அந்தப் பேரைப் போட்டு ஆரம்பிங்க. மூணாவது ஆளைப் பத்தி "அவர் சொன்னார்"னு எழுதினா டூல் பெரும்பாலும் ஆணாத்தான் மாத்தும், அங்கயும் பேரே எழுதிடறது நல்லது.

மொழிபெயர்ப்பு வந்த பிறகு பாக்கறப்ப நிறைய பேர் பண்றது தமிழையும் இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடறது. எண்கள் சரியா வந்திருக்கான்னு பாக்க அது சரி, ஆனா அர்த்தத்துக்கும் டோனுக்கும் அது உதவாது, ஏன்னா தமிழ் கண்ணுல பட்டாலே உங்க மனசு இங்கிலீஷ்ல இல்லாததையும் சேத்துப் படிச்சிடும். தமிழை மூடி வச்சிட்டு, முடிஞ்சா அரை மணி நேரம் கழிச்சு, இங்கிலீஷை மட்டும் படிங்க. படிக்கறப்ப நீங்க பையர். இதைப் படிச்சா நான் என்ன செய்யணும், எவ்வளவு பணம் போடணும், எந்தத் தேதிக்குள்ள, எந்தச் செலவு என் தலையில விழுது, எனக்கு என்ன வாக்கு கொடுத்திருக்காங்க, இந்த அஞ்சுக்கும் அந்த எழுத்துல இருந்து மட்டும் பதில் சொல்லிப் பாருங்க. ஏதாவது ஒண்ணுக்கு ரெண்டு பதில் வருதுன்னா அந்த வரி இன்னும் சரியாகல.

எண்ணும் தேதியும் தனியா ஒரு சுத்து. லட்சம், கோடி வெளிநாட்டுல பெரும்பாலும் புரியாது, டூல் சில நேரம் அப்படியே லாக்னு விட்டுடும், அதனால ஒன்றரை லட்சம்னு எழுதாம மூலத்துலயே 150,000னு எழுதிடுங்க. நம்ம மாதிரி 1,50,000னு கமா போட்டா தட்டச்சுப் பிழையான்னு சந்தேகம் வரும். ஜெர்மன் மாதிரி சில மொழிகள்ல ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் கமாவும் போடுவாங்க, அங்க 1.500னா ஒண்ணரை இல்ல, ஆயிரத்து ஐநூறு. தேதியில 05/06னு எழுதினா அமெரிக்காக்காரருக்கு அது மே 6, உங்களுக்கு ஜூன் 5, அதனால மாசத்தை எழுத்துலதான் எழுதணும். அடுத்த வெள்ளி, வர்ற வாரம் எதுவும் வேண்டாம். பேங்க் அக்கவுண்ட் நம்பரை டூலுக்குள்ள போடவே போடாதீங்க, அந்த இடத்துல XXXXன்னு வச்சிட்டு மொழிபெயர்ப்பு முடிஞ்சப்புறம் கையால சேத்துக்கோங்க. இலவச டூல்ல அடிக்கறது எங்க போய்ச் சேருதுங்கறது நம்ம கட்டுப்பாட்டுல இல்ல.

திருப்பித் தமிழாக்கிப் பாக்கற வழி நிறைய பேர் சொல்வாங்க. அதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பயன்படுத்தினா நல்ல வழிதான். அதே டூல்ல திருப்பினா தப்பு மறைஞ்சு போகலாம், போறப்ப தப்பா எடுத்ததை வர்றப்ப சரி மாதிரி காட்டிடும், அதனால வேற டூல்ல திருப்புங்க, ஒவ்வொரு வாக்கியமா. "கொஞ்சம்" போய் பணத்தோட ஒட்டிக்கிட்ட மாதிரி தப்பெல்லாம் இதுல மாட்டும். ஆனா டோன் மாட்டவே மாட்டாது. யூ மஸ்ட் செண்ட் தமிழுக்குத் திரும்பி வந்தா "நீங்கள் அனுப்ப வேண்டும்"னு பாந்தமா நிக்கும், அதோட முரட்டுத்தனம் இந்தப் பக்கம் தெரியாது. நாம, நாங்க விஷயமும் அப்படித்தான், திரும்பி வர்றப்ப ஏதோ ஒண்ணு வரும், அது சரியா வந்தாலும் வெறும் தற்செயல். திருப்பிப் பாத்ததுல சரியா இருக்குங்கறதை பாஸ் மார்க்கா எடுத்துக்காதீங்க, தப்பா இருந்தா மட்டும் அதை நம்புங்க.

இங்கிலீஷ் இல்லாம ஜெர்மன், ஃப்ரெஞ்சு மாதிரி மொழிக்கு அனுப்பறீங்கன்னா இன்னொரு சிக்கல் சேரும். தமிழ்ல இருந்து நேரா போற மாதிரி தெரிஞ்சாலும் சில டூல் உள்ளுக்குள்ள இங்கிலீஷ் வழியாத்தான் போகுது. அந்த நடுவழியில "நீங்க", "நீ" ரெண்டும் யூ ஆயிடும், அந்தப் பக்கம் போறப்ப மறுபடி மரியாதையை ஊகிக்கணும், சில நேரம் "நீ"ன்னு போய் விழும். நல்லவேளையா இதை மொழி தெரியாமலே கண்ணால கண்டுபிடிக்கலாம். ஜெர்மன்ல `du`, `dich`, `dein` மாதிரி சொல் தெரிஞ்சா அது "நீ", பெரிய எழுத்துல ஆரம்பிக்கற `Sie`, `Ihnen`, `Ihr` தெரிஞ்சா "நீங்க". ஃப்ரெஞ்சுல `tu`, `te`, `ton` "நீ", `vous`, `votre` "நீங்க". ஒரே மெசேஜ்ல ரெண்டும் கலந்திருந்தா கண்டிப்பா சரி பண்ணணும், சில டூல்ல ஃபார்மல்னு தேர்வு பண்ற வசதியே இருக்கு. ஜப்பானிய மொழி, கொரிய மொழியில மரியாதை பெரும்பாலும் வினைச்சொல்லோட முடிவுல இருக்கும், மொழி தெரியாதவங்க அதைக் கண்ணால பிடிக்கறது கஷ்டம். அந்த மாதிரி இடத்துக்கு நல்லா செக் பண்ணின எளிய இங்கிலீஷை மேல வச்சு, அவங்க மொழி வடிவத்தைக் கீழ துணைக்கு வச்சு, ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா இங்கிலீஷையே எடுத்துக்கோங்கன்னு ஒரு வரி சேத்து அனுப்பறது பாதுகாப்பு.

இங்கிலீஷ் நல்லா தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட காட்ட முடிஞ்சா காட்டுங்க, ஆனா "சரியா இருக்கா பாருங்க"ன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா இலக்கணம் பாத்துட்டு நல்லா இருக்குன்னுடுவாங்க. தமிழை அவங்ககிட்ட காட்டாம இங்கிலீஷை மட்டும் கொடுத்து, இது உங்களுக்கு வந்தா நீங்க என்ன செய்வீங்க, எழுதினவர் கோவமா இருக்கார்னு தோணுதான்னு கேளுங்க. அவங்க சொல்ற பதில் உங்க மனசுல இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு மட்டும் பாத்தா போதும்.

ஆர்டர் நிலவரம், நினைவூட்டல், விலைக் கேள்வி இந்த மாதிரி தினசரி மெசேஜுக்கு இந்த அளவு செக்கிங் தாங்கும். ஒப்பந்தம், தரக் குறைபாட்டுக்கு நஷ்டஈடு, பொறுப்பை மறுக்கறது இதெல்லாம் இந்த வழியில அனுப்பாதீங்க, அங்க ஒரு சொல் பின்னாடி சான்றா நிக்கும், மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுத்து செய்யறதுதான் சரி. ஏற்கனவே அனுப்பினதுல தப்பு தெரிஞ்சா நீளமா விளக்கம் எழுதாம, எந்த வரின்னு சொல்லி, அதுக்குப் பதிலா இந்த வரின்னு போட்டு உடனே இன்னொரு மெயில் அனுப்பிடுங்க. முக்கியமா பணம், தேதி பத்தின வரின்னா அவர் அதை வச்சு வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள போய்ச் சேரணும்.